பத்துச் சதுர வீட்டுக்கு எவ்வளவு ஆகும்? சதுர அடி ரேட்டை நாமே போட்டுப் பார்க்கும் முறை

பெருந்துறைப் பக்கம் எங்கள் மனையில் வீடு கட்ட மூன்று பேரிடம் ரேட் கேட்டேன். ஒருவர் சதுர அடிக்கு 1,950 என்றார், ஒருவர் 2,200, இன்னொருவர் 2,450. வீடு ஒன்றுதான், வரைபடமும் ஒன்றுதான். "1,950க்கு எப்படிங்க கட்டுப்படியாகும்?" என்று இரண்டாமவரைக் கேட்டால், "அவரு எதையெல்லாம் உட்டுப்போட்டுச் சொன்னாருன்னு கேளுங்க" என்று சிரித்தார். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து சிமெண்ட், கம்பி, மணல், கூலி என்று தனித்தனியாகக் கணக்குப் போட்டேன். இந்த வரிசையில் போட்டால் உங்களுக்கு ஒரு வார இறுதி போதும்.

கணக்குக்கு ஒரே ஒரு வீட்டை எடுத்துக்கொள்கிறேன். தரைத்தளம் மட்டும், 1,000 சதுர அடி, அதாவது 10 சதுரம். 12 தூண், 5 அங்குல மேல்தளம், வெளிப்பக்கப் படிக்கட்டு, மொட்டை மாடிக்குக் கைப்பிடிச் சுவர். போர்டிகோ இல்லை. கீழே வரும் விலைகள் கணக்கைக் காட்டுவதற்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் ஊரில் இன்று என்ன விலையோ அதை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். அளவுகளுக்கு மட்டும் நான் பொறுப்பு.

1. ரேட்டுக்கு முன்னால் பரப்பளவைப் பேசி முடியுங்கள்

சதுர அடி ரேட் என்பது ஒரு வகுத்தல் கணக்கு. மேலே இருக்கும் தொகையைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். கீழே எந்தப் பரப்பளவால் வகுக்கிறார்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

வீட்டின் வெளிச்சுவரின் வெளிமுகத்திலிருந்து அளப்பதுதான் கட்டட வேலையில் நடைமுறை. அதனால் 1,000 சதுர அடி என்றால் உள்ளே பாய் விரிக்கக் கிடைப்பது 850க்குக் கொஞ்சம் முன்பின் இருக்கும். இதில் தகராறு இல்லை. தகராறு வருவது போர்டிகோ, படிக்கட்டின் மேல்கூரை, சன்ஷேடு, லாஃப்ட், நீர்த்தொட்டி ஆகியவற்றில். இவற்றைச் சிலர் முழுதாகக் கணக்கில் சேர்ப்பார்கள், சிலர் பாதியாக, சிலர் சேர்க்கவே மாட்டார்கள்.

நமது வீட்டுக்கே 120 சதுர அடி போர்டிகோவும் படிக்கு மேல் 80 சதுர அடி ஹெட்ரூமும் வைக்கிறோம் என்று வையுங்கள். 2,000 ரூபாய் ரேட்டில் இரண்டையும் முழுதாகச் சேர்ப்பவருக்கு 24 லட்சம். 2,200 ரேட்டில் பாதியாகச் சேர்ப்பவருக்கு 24 லட்சத்து 20 ஆயிரம். கேட்கும்போது 200 ரூபாய் வித்தியாசம். கொடுக்கும்போது 20 ஆயிரம்தான் வித்தியாசம். ஆகவே யாரிடம் பேசினாலும் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: "மொத்தம் எத்தனை சதுர அடிக்குப் போடுறீங்க? அதை எழுதிக் கொடுங்க."

2. கம்பி விவரம் உள்ள வரைபடம் வாங்குங்கள்

அறைகளைக் காட்டும் வரைபடம் மட்டும் இருந்தால் கணக்குப் போட முடியாது. தூண் அளவு, அஸ்திவாரக் குழியின் அளவு, பீமின் அளவு, எந்தக் கம்பி எத்தனை அங்குல இடைவெளியில் என்று காட்டும் ஸ்ட்ரக்சுரல் வரைபடம் தேவை. அதற்குப் பொறியாளர் தனியாகப் பணம் கேட்பார். கொடுத்துவிடுங்கள். அது இல்லாத இடத்தில் மேஸ்திரி தன் பழக்கத்துக்குக் கம்பி போடுவார். பெரும்பாலும் தேவைக்கு மேலேயே போடுவார், பாவம், அவருக்கும் பயம் இருக்கும் இல்லையா.

அதற்கும் முன்னால் மண்ணைப் பாருங்கள். மனையின் ஒரு மூலையில் 5 அடி தோண்டினால் தெரிந்துவிடும். கோவைக்குக் கிழக்கேயும் பல்லடம், பொள்ளாச்சிப் பக்கம் சில இடங்களிலும் கரிசல் வரும். ஈரத்தில் உப்பி வெயிலில் வெடிக்கும் மண் அது; அஸ்திவாரம் கூடுதல் ஆழம் போக வேண்டியிருக்கும், தோண்டிய மண்ணை உள்ளே நிரப்பவும் ஆகாது, கிராவல் வாங்க வேண்டும். பாறை தட்டினால் ஆழம் குறையும், ஆனால் உடைக்கும் கூலி வரும். பக்கத்து வீட்டுக்காரர் எத்தனை அடி தோண்டினார் என்று கேட்பதற்குச் செலவே இல்லை.

3. கான்கிரீட்டைக் கன அடியில் போடுங்கள்

சிமெண்டில் பாதிக்கு மேலும், கம்பி முழுவதும் கான்கிரீட்டுக்குள்தான் போகிறது. அதனால் இந்த ஒரு எண்ணைச் சரியாகப் பிடித்தால் மற்றவை பின்னால் வரும். ஒவ்வொரு பகுதியின் நீளம், அகலம், உயரத்தையும் அடியில் பெருக்குங்கள். 9 அங்குலம் என்றால் 0.75 அடி, 5 அங்குலம் என்றால் 0.417 அடி.

நமது வீட்டில் அஸ்திவாரம் 4 அடிக்கு 4 அடி, சராசரி கனம் ஒன்றேகால் அடி. 12 தூணுக்கும் சேர்த்து 240 கன அடி. தூண்கள் 9க்கு 12 அங்குலம், அஸ்திவாரத்திலிருந்து கூரை வரை 15 அடி. அது 135 கன அடி. தரை மட்டத்தில் சுவருக்கு அடியில் ஓடும் பிளிந்த் பீம் 175, கதவு ஜன்னலுக்கு மேல் வரும் லிண்டலும் சன்ஷேடும் லாஃப்டும் சேர்த்து 140, கூரைக்கு அடியில் தொங்கும் பீம் 100, மேல்தளம் 417, படிக்கட்டு 43. கூட்டினால் 1,250 கன அடி.

வீடுகளுக்கு வழக்கமான எம்20 கலவை, அதாவது 1 பங்கு சிமெண்டுக்கு ஒன்றரை பங்கு மணல், 3 பங்கு ஜல்லி. இந்தக் கலவையில் 100 கன அடி கான்கிரீட் போட ஏறத்தாழ 23 மூட்டை சிமெண்டும் 42 கன அடி மணலும் 84 கன அடி முக்கால் அங்குல ஜல்லியும் வேண்டும். 1,250 கன அடிக்கு 285 மூட்டை, 525 கன அடி மணல், 1,050 கன அடி ஜல்லி.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, 100 கன அடி கான்கிரீட்டுக்கு 100 கன அடி சரக்கு போதும் என்று நினைப்பது. உலர்ந்த சரக்கில் இடைவெளி இருக்கும். தண்ணீர் சேர்ந்து இறுகும்போது அளவு சுருங்கும். 154 கன அடி உலர் சரக்கு கொட்டினால்தான் 100 கன அடி கான்கிரீட் நிற்கும். மேலே சொன்ன அளவுகளில் இது சேர்ந்தே இருக்கிறது.

4. கான்கிரீட்டிலிருந்து கம்பி எடை

பொறியாளர் கம்பிப் பட்டியல் கொடுத்திருந்தால் அதையே எடுங்கள். இல்லாவிட்டால் தோராயத்துக்கு இப்படி: மேல்தளத்தில் ஒரு கன அடிக்கு 2.3 கிலோ, அஸ்திவாரத்திலும் லிண்டலிலும் 2 கிலோ, படிக்கட்டில் 3 கிலோ, பீமிலும் தூணிலும் மூன்றரை முதல் நாலரை கிலோ. நமது வீட்டுக்கு 3,470 கிலோ வருகிறது. துண்டு வெட்டிக் கழியும் கம்பிக்கும் சேர்த்து 3.6 டன் என்று வைக்கலாம்.

சதுர அடிக்கு 3.6 கிலோ. ஒரு தளத்து வீட்டுக்கு மூன்றரை முதல் நான்கு கிலோ வரை இயல்பு. யாராவது ஐந்துக்கு மேல் சொன்னால், "மேலே இன்னொரு தளம் வருமென்று போட்டிருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். பின்னாளில் மாடி எடுக்கும் எண்ணம் இருந்தால் அது சரிதான். இல்லாவிட்டால் தூணிலும் அஸ்திவாரத்திலும் தேவையில்லாமல் கம்பி புதைகிறது.

5. சுவரும் பூச்சும் சேர்த்து மொத்தச் சரக்கு

சுவர், பேஸ்மென்ட் கட்டு, கைப்பிடிச் சுவர் எல்லாம் சேர்த்து, கதவு ஜன்னல் கழித்து, நமக்கு 1,400 கன அடி கட்டு வேலை. சேம்பர் செங்கல் என்றால் கன அடிக்கு சுமார் 12 கல். உடைவதும் சேர்த்து 17,500 கல். இந்தக் கட்டு வேலைக்கு 1க்கு 6 கலவையில் 54 மூட்டை சிமெண்டும் 400 கன அடி மணலும் போகும்.

கல் விஷயத்தில் ஒன்று. கோவை தடாகம் பள்ளத்தாக்குச் சூளைகள் 2021இல் மூடப்பட்ட பிறகு செங்கல் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து லாரி வாடகை மாறுகிறது. கல் விலை கேட்கும்போது "இடத்துக்கு வந்து இறக்கி" என்று சேர்த்துக் கேளுங்கள். சாம்பல் கல், சாலிட் பிளாக் என்று மாற்றினால் கல் எண்ணிக்கையும் கலவை அளவும் மாறும். கூலி ரேட்டும் மாறுகிறதா என்று மேஸ்திரியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பூச்சுப் பரப்பு, உள்ளே வெளியே, கூரையின் அடிப்பக்கம், கைப்பிடிச் சுவரின் இரு முகம் எல்லாம் சேர்ந்தால் 6,000 சதுர அடி வரும். வீட்டுப் பரப்பைப் போல் ஆறு மடங்கு. முதல்முறை பார்ப்பவர்கள் நம்ப மாட்டார்கள், ஆனால் டேப்பை எடுத்து ஒரே ஓர் அறையை அளந்தால் விளங்கும். இதற்கு 60 மூட்டை சிமெண்டும் 360 கன அடி பி-சாண்ட் எனும் பூச்சு மணலும். அஸ்திவாரத்துக்கு அடியிலும் தரையிலும் போடும் ஒன்றரை அங்குல ஜல்லிக் கான்கிரீட்டுக்கு 39 மூட்டை, 190 கன அடி மணல், 380 கன அடி ஜல்லி. டைல்ஸுக்கு அடியிலும் மொட்டை மாடி ஓட்டுக்கு அடியிலும் 40 மூட்டை, 225 கன அடி மணல்.

எல்லாவற்றையும் கூட்டி, சேதாரமும் சேர்த்தால் நமது பத்துச் சதுர வீட்டுக்கு:

- சிமெண்ட் 500 மூட்டை
- கம்பி 3.6 டன்
- மேலே மணல் என்றதற்கு எம்-சாண்ட் 15 யூனிட், பி-சாண்ட் 4 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி)
- ஜல்லி 15 யூனிட், அதில் 11 முக்கால் ஜல்லி, 4 ஒன்றரை ஜல்லி
- செங்கல் 17,500

சதுர அடிக்கு 0.4 மூட்டை சிமெண்ட் என்று ஒரு வாய்ப்பாடு எல்லோர் வாயிலும் இருக்கிறது. அதன்படி 400 மூட்டைதான். படிக்கட்டு, கைப்பிடிச் சுவர், லாஃப்ட் இவையெல்லாம் வீட்டின் சதுர அடியில் ஏறாமலே சிமெண்ட் குடிப்பவை. சின்ன வீட்டில் இவற்றின் பங்கு அதிகமாகத் தெரியும். நூறு மூட்டை குறைவது அங்கேதான்.

6. விலை போடுங்கள், எந்த விலை எவ்வளவு அசைக்கிறது என்று பாருங்கள்

சிமெண்ட் மூட்டை 350 ரூபாய், கம்பி கிலோ 65, எம்-சாண்ட் யூனிட் 5,500, பி-சாண்ட் 6,500, ஜல்லி 4,500, செங்கல் ஒன்று 11 ரூபாய் என்று வைக்கிறேன். எல்லாம் வரி, வண்டி வாடகை, இறக்குக்கூலி சேர்த்த விலை. இப்படிக் கேட்காவிட்டால் கடைக்காரர் சொல்லும் விலை வேறு, பில்லில் வரும் விலை வேறு. இன்னொன்று: சிமெண்டுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமானது. அதற்கு முன் யாருக்கோ போட்ட எஸ்டிமேட்டை உங்களுக்கு நீட்டினால் சிமெண்ட் வரியை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள்.

சிமெண்ட் 1,75,000. கம்பி 2,34,000. மணல் இரண்டும் 1,08,500. ஜல்லி 67,500. செங்கல் 1,92,500. ஆகச் சரக்கு 7,77,500 ரூபாய். சதுர அடிக்கு 778. இத்துடன் தோண்டுவதற்கும் கிராவல் நிரப்புவதற்கும் 70,000.

இப்போது ஒரு விளையாட்டு. சிமெண்ட் மூட்டைக்கு 50 ரூபாய் ஏறினால்? 500 மூட்டைக்கு 25,000. சதுர அடிக்கு 25 ரூபாய். கம்பி கிலோவுக்கு 5 ரூபாய் ஏறினால் சதுர அடிக்கு 18. மணல் யூனிட்டுக்கு 1,000 ஏறினால் 19. மூன்றும் சேர்ந்து ஏறினாலும் 62 ரூபாய்தான்.

பேஸ்மென்டை ஓர் அடி உயர்த்தச் சொல்லிப் பாருங்கள். உள்ளே 9 யூனிட் கிராவல், சுற்றிலும் உள்ளேயும் 150 கன அடி கட்டு, 1,800 கல், சிமெண்ட், கூலி எல்லாம் சேர்ந்து 50,000க்கு மேல் போகும். ரோட்டு மட்டம் உயர்ந்துகொண்டே போகும் ஊர்களில் உயர்த்தித்தான் ஆக வேண்டும், அதைத் தப்பென்று சொல்லவில்லை. ஆனால் "சிமெண்ட் ஏறிப்போச்சுங்க, ரேட்டை 200 ரூபாய் கூட்டிக்கொடுங்க" என்று நடுவில் வந்து நிற்பவரிடம் இந்தக் கணக்கைக் காட்டலாம். 200 ரூபாய் ஏறுவதற்குச் சிமெண்ட் மட்டுமே காரணம் என்றால் மூட்டைக்கு 400 ரூபாய் ஏறியிருக்க வேண்டும்.

7. லோடு இறங்கும்போது பக்கத்தில் நில்லுங்கள்

போட்ட கணக்கு காகிதத்தில் சரியாக இருந்தும் சரக்கு பத்தாமல் போவது பெரும்பாலும் இங்கேதான்.

மணல் லாரி வந்ததும் கொட்டவிடாதீர்கள். டேப்புடன் மேலே ஏறி, தொட்டியின் உள் நீளம், உள் அகலம் அளங்கள். பிறகு ஒரு கம்பியை மணலுக்குள் அடித்தட்டு தட்டும் வரை குத்தி, எத்தனை அடி இறங்கியது என்று நான்கைந்து இடத்தில் பாருங்கள். எங்களுக்கு வந்த ஒரு வண்டி 14 அடி நீளம், 7 அடி அகலம். நான்கு யூனிட் என்று பில். நடுவில் குவித்திருந்தார்கள், ஓரத்தில் இறங்கியிருந்தது. சராசரி மூன்றரை அடிதான். 343 கன அடி. நான்கு யூனிட்டுக்கு 57 கன அடி குறைவு, ரூபாயில் 3,000க்கு மேல். ஓட்டுநர் ஒன்றும் சண்டை போடவில்லை, "ஓனருக்குப் போன் போடுங்க" என்றார். அடுத்த வண்டி தட்டையாக நிரம்பி வந்தது.

டன் கணக்கில் வாங்கினால் எடைமேடை ரசீது கேளுங்கள், காலி வண்டி எடையும் சேர்த்து. ஒரு யூனிட் எம்-சாண்ட் ஏறத்தாழ நாலரை டன். கழுவிய ஈரத்தோடு சொட்டச் சொட்ட வந்தால் தண்ணீருக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறீர்கள். தரத்துக்கு, பொதுப்பணித்துறைச் சான்று பெற்ற ஆலையா என்று கேட்கலாம். விலை குறைவாக இருக்கிறதே என்று கிரஷர் தூளை எம்-சாண்டாகத் தள்ளிவிடுவதும் நடக்கிறது. உள்ளங்கையில் தேய்த்தால் மாவு மாதிரி ஒட்டும். பி-சாண்டைக் கான்கிரீட்டுக்குப் போட விடாதீர்கள், அது பூச்சுக்கு மட்டும்.

கம்பிக்கு எடைதான் கணக்கு. 12 மீட்டர் முழுக்கம்பி ஒன்று 8 மில்லி என்றால் 4.74 கிலோ, 10 மில்லி 7.4, 12 மில்லி 10.66, 16 மில்லி 18.96. கொஞ்சம் முன்பின் இருக்கலாம். கட்டுக் கணக்கிலோ கம்பி எண்ணிக்கையிலோ விலை பேசினால் மெலிந்த கம்பி வந்தாலும் தெரியாது. எண்ணிக்கையை எடையோடு பெருக்கி, எடைமேடை ரசீதோடு ஒத்துப் பாருங்கள்.

சிமெண்ட் மூட்டையின் பக்கவாட்டில் தயாரித்த வாரமும் ஆண்டும் அச்சாகியிருக்கும். மூன்று மாதம் தாண்டியதை வாங்காதீர்கள். 500 மூட்டையும் ஒரே நாளில் இறக்கவும் வேண்டாம். கூரைக் கான்கிரீட்டுக்கு மட்டும் 100, 120 மூட்டை மொத்தமாக, மற்றபடி 50, 50ஆக வரட்டும்.

8. கூலி: எது சேர்த்தி, எது சேர்த்தியில்லை

இதுதான் கணக்கில் பெரிய ஒற்றைத் தொகை. கொத்து, சென்ட்ரிங், கம்பி கட்டு மூன்றும் சேர்த்துச் சதுர அடிக்கு 500 என்று வைத்தால் 5 லட்சம். சிமெண்டையும் கம்பியையும் கூட்டினாலும் அதைவிடக் குறைவு. கூலியில் 50 ரூபாய் கூடினால் சதுர அடியில் அப்படியே 50 ரூபாய் கூடும். பேரம் பேசும் சக்தியைச் சிமெண்ட் கடையில் வீணாக்காமல் இங்கே வைத்துக்கொள்ளுங்கள்.

ரேட்டை மட்டும் பேசாதீர்கள். சென்ட்ரிங் தகடும் முட்டும் யாருடையது, மிக்சரும் வைப்ரேட்டரும் யார் கொண்டுவருவது, தண்ணீர் விடும் ஆள் யார், படிக்கட்டுக்கும் கைப்பிடிச் சுவருக்கும் தனிக் கூலியா, கரண்ட் வேலைக்குச் சுவர் வெட்டியதை அடைப்பது யார், டைல்ஸ் கூலி சேர்த்தியா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுங்கள். மேஸ்திரி, "அதெல்லாம் பார்த்துக்கலாமுங்க" என்றால் அது தனிக்காசு என்று பொருள்.

பணம் கொடுப்பதை நிலைகளாகப் பிரியுங்கள். பேஸ்மென்ட் முடிந்தால் 20 சதவீதம், லிண்டல் மட்டத்தில் 20, கூரைக் கான்கிரீட் முடிந்து சென்ட்ரிங் பிரித்ததும் 30, பூச்சு முடிந்ததும் 20, எல்லாம் முடிந்த பின் 10. கூரை போட்ட அன்றே 80, 90 சதவீதத்தை வாங்கிவிட்டால் பூச்சு வேலைக்கு ஆள் வருவது அருகிவிடும். கான்கிரீட் வேலை கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்தாலும் கூலி ஆட்கள் நாள்கணக்கில் நிற்பது பூச்சில்தான்.

வரியும் இதில் உண்டு. தனி வீட்டுக்குக் கூலி மட்டும் ஒப்பந்தம் என்றால் ஜிஎஸ்டி விலக்கு இருக்கிறது. சரக்கோடு சேர்த்து ஒப்பந்தம் என்றால் ஒப்பந்ததாரர் 18 சதவீதம் போடலாம். "2,200 ரூபாய்" என்பது அதற்கு முன்னாலா பின்னாலா என்று கேளுங்கள். 22 லட்சத்தில் அது கிட்டத்தட்ட 4 லட்சம்.

9. வகுத்தல் போடுங்கள், வெளியே நிற்பதைத் தனியே எழுதுங்கள்

சரக்கு 7,77,500, மண் வேலை 70,000, கூலி 5,00,000. ஆக 13,47,500, கூடு மட்டும் சதுர அடிக்கு ஏறத்தாழ 1,350. இதற்கு மேல் கதவு ஜன்னல், டைல்ஸ், கரண்ட், குழாய், பெயிண்ட். சுமாரான தரத்துக்கு எட்டரை லட்சம் வைத்தால் மொத்தம் 22 லட்சம், சதுர அடிக்கு 2,200.

கூட்டின் விலையில் இருவருக்கிடையே 100 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் வராது. வந்தால் யாரோ எதையோ விட்டிருக்கிறார். மீதி வித்தியாசமெல்லாம் தேக்கா வேம்பா, டைல்ஸ் 45 ரூபாயா 90 ரூபாயா என்பதில்தான். என்னிடம் 1,950 சொன்னவர் ஜன்னல் கம்பியையும் கிராவலையும் மொட்டை மாடி ஓட்டையும் சேர்க்கவில்லை.

இந்த 2,200க்குள் வராதவை: போர்வெல், நிலத்தடித் தொட்டி, செப்டிக் டேங்க், காம்பவுண்டு சுவர், கேட், கரண்ட் இணைப்பு, அனுமதிக் கட்டணம். நமது பக்கம் போர் ஆயிரம் அடியைத் தாண்டுவது புதிதல்ல. கேசிங் குழாயும் மோட்டாரும் சேர்ந்தால் அதுவே தனி எஸ்டிமேட். வேலை நடக்கும் மாதங்களுக்கான தற்காலிக மின் இணைப்புக்கு வீட்டுக் கட்டணத்தைவிட அதிகம் ஆகும். இவற்றுக்கெல்லாம் இன்னொரு 5 லட்சத்தைத் தனித்தாளில் எழுதி வையுங்கள்.

10. காகிதமும் காலமும்

2024 ஜூலையிலிருந்து தமிழ்நாட்டில் சுயசான்று முறை இருக்கிறது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளமோ அதற்கு மேல் ஒரு மாடியோ என்றால் ஒற்றைச் சாளர இணையதளத்தில் நாமே விண்ணப்பித்து உடனே அனுமதி பெறலாம். பத்திரம், பட்டா, மனைப்பிரிவு அனுமதி, வரைபடம் கையில் இருக்கட்டும். கட்டணம் சதுர அடிக்கு இவ்வளவு என்று மாநகராட்சிக்கு ஒன்று, ஊராட்சிக்கு ஒன்று. அதனால் அனுமதிக்குப் போகும் பரப்பளவும் ஒப்பந்தத்தில் எழுதும் பரப்பளவும் ஒன்றா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வங்கிக் கடன் என்றால் பொறியாளர் கையெழுத்திட்ட எஸ்டிமேட், அனுமதி வரைபடம், பத்திரம், வில்லங்கச் சான்று கேட்பார்கள். பணத்தை ஒரேயடியாகத் தர மாட்டார்கள். வேலை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று ஆள் வந்து பார்த்த பிறகு தவணையாக வரும். பேஸ்மென்ட் முடியும்வரை உங்கள் கைப்பணம் ஓட வேண்டும். நமது வீட்டில் அது கூடு எழுப்பும் செலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு.

மேல்தளம் போட்ட பிறகு சென்ட்ரிங் பிரிக்க இரண்டு வாரமாவது விடுங்கள். வாடகைத் தகடு என்றால் நாளுக்கு இவ்வளவு என்று ஓடும், அந்த நாட்களையும் கணக்கில் வையுங்கள். சாம்பல் கலந்த பிபிசி வகைச் சிமெண்டுக்குக் குறைந்தது பத்து நாள் தண்ணீர் நிற்க வேண்டும். ஆடியில் பெரும்பாலோர் புதிதாக வீட்டு வேலை தொடங்க மாட்டார்கள். ஆவணி பிறந்ததும் எல்லோரும் சேர்ந்து தொடங்குவதால் அப்போது ஆள் கிடைப்பது கடினம், கூலியும் ஏறும். ஆனியிலேயே கூலி பேசி ஒப்பந்தம் எழுதிவிடுவது நல்லது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வெளியூர் ஆட்கள் போனால் ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அந்தத் தேதியில் கூரைக் கான்கிரீட் வைக்காதீர்கள்.

ஒப்பந்தத்தைப் பத்திரத்தாளில் எழுதி, பின்னால் நான்கு தாளை இணையுங்கள்: பரப்பளவு அளந்த முறை, மேலே இருக்கும் சரக்குப் பட்டியல், கூலியில் சேர்ந்தவை சேராதவை, பணம் கொடுக்கும் நிலைகள். ஒவ்வொரு தாளிலும் இருவரும் கையெழுத்துப் போடுங்கள். சிமெண்ட், கம்பி விலைகளுக்கு எதிரே அன்றைய தேதியைக் குறித்து, எத்தனை ரூபாய்க்கு மேல் ஏறினால் யார் ஏற்பது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.